கைத்தறித் துணிக்கு நேர்மையான அளவுக் குறிப்பு எழுதுவது எப்படி?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள பாலராமபுரம், குழித்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மரின் காலத்தில் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட சாலியர் நெசவாளர்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். இங்கு நெய்யப்படும் சேலைகளும் மெல்லிய பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றவை. சரிகைக் கரையிட்ட முண்டும் நேரியதும் சேர்ந்த ‘செட் முண்டு’ இன்று கடைகளில் மட்டுமின்றி இணையவழியிலும் விற்பனையாகி, அஞ்சலிலும் கூரியரிலும் தொலைதூரம் செல்கிறது.

கடையில் வாங்குபவர் துணியை விரித்துப் பார்த்தே வாங்குகிறார். இணையவழியில் வாங்குபவருக்கோ எழுதப்பட்ட அளவு மட்டுமே சான்று. பொதி வந்ததும் அளந்து பார்க்கிறார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைகிறது. அது கைத்தொழிலின் இயல்பா, அல்லது துணியைக் குறைத்து விற்ற செயலா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது விற்பனையாளர் முன்கூட்டியே எழுதி வைக்கும் அளவுக் குறிப்புதான். நம் வாடிக்கையாளர்களுள் துணி விற்பவர்களும் உள்ளனர், வாங்குபவர்களும் உள்ளனர். இரு சாராருக்கும் நியாயமான ஒரு குறிப்பை எவ்வாறு எழுதுவது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

பலரும் எழுதும் குறிப்பில் உள்ள குறை

“இது கையால் நெய்யப்பட்டது. ஆகவே அளவில் சிறு வேறுபாடு இருக்கலாம். அதன்பொருட்டுத் துணி திரும்பப் பெறப்பட மாட்டாது.” இவ்வகைக் குறிப்பைப் பல விற்பனைப் பக்கங்களில் காண்கிறோம். இதில் மூன்று குறைகள் உள்ளன. ‘சிறு வேறுபாடு’ எவ்வளவு என்று சொல்லவில்லை; எனவே ஒரு சென்டிமீட்டரும் பத்து சென்டிமீட்டரும் அதனுள் அடங்கிவிடும். எப்போது, எவ்வாறு அளந்தது என்று சொல்லவில்லை. வேறுபாடு மிகுந்தால் என்ன தீர்வு என்பதைச் சொல்லாததோடு, தீர்வே இல்லை என்று கதவையும் அடைத்துவிடுகிறது.

மூன்றாவது குறை சட்டத்தின் முன்னும் நிற்காது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், 2020-இன்படி, விளம்பரப்படுத்திய அல்லது ஒப்புக்கொண்ட தன்மைகள் இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுத்தலும், பணத்தைத் திருப்பித்தர மறுத்தலும் கூடாது. அளவும் அத்தகைய தன்மைகளுள் ஒன்றே. ஆகவே ‘திரும்பப் பெற மாட்டோம்’ என்று எழுதுவது விற்பனையாளருக்குக் காப்பு ஆகாது. எந்த அளவு ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதை எண்ணால் தெளிவாக எழுதுவதே அவருக்குக் காப்பு.

அளவு ஏன் வேறுபடுகிறது?

குறிப்பில் எழுதும் எண் நம்பத்தக்கதாக இருக்க, வேறுபாட்டின் காரணங்களை அறிந்திருத்தல் வேண்டும். அகலத்தை முதலில் பார்ப்போம். பாவு நூல்கள் தறியின் அச்சுப் பற்களுக்கிடையே கோக்கப்பட்டு ஒரு குறிப்பிட்ட அகலத்தில் விரிந்து நிற்கின்றன. ஊடை நூல் ஒவ்வொரு முறை குறுக்கே செல்லும்போதும் பாவு நூல்களின் மேலும் கீழுமாக வளைந்து செல்கிறது. அவ்வளைவு துணியின் ஓரங்களை உள்நோக்கி இழுக்கிறது. ஆகவே துணியின் அகலம் அச்சின் அகலத்தைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறையும் என்பது, நாடாவை எறியும் கை ஊடையை எவ்வளவு தளர்வாக விடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரே தறியில் இருவர் மாறி நெய்தால் அகலம் மாறுவதற்கு இதுவே காரணம்.

நீளம் வேறு காரணத்தால் மாறுகிறது. கஞ்சியிட்ட பாவு தறியில் இழுவிசையுடன் நிற்கிறது. அறுத்து எடுத்தவுடன் அவ்விழுவிசை நீங்கித் துணி சற்றே சுருங்குகிறது. தறியில் இருக்கும்போதே அளந்து குறியிட்டால், அந்த அளவு சில மணி நேரத்தில் பொய்த்துவிடும். இதனோடு, ஒரு முண்டு எங்கே முடிகிறது என்பதை நெசவாளர் ஒரு குச்சியாலோ குறியிட்ட நூலாலோ கணக்கிடுவதால் வரும் வேறுபாடும் சேர்கிறது.

மூன்றாவது காரணம் எளியது. ஆயினும் அடிக்கடி பூசலை உண்டாக்குவது. தறிக்கணக்கு பெரும்பாலும் அங்குலத்தில் நடக்கிறது. விலைச்சீட்டு மெட்ரிக் அலகில் எழுதப்பட வேண்டியுள்ளது. 48 அங்குலம் என்பது 121.92 செ.மீ. அதனை ‘122’ என்று முழுமையாக்கி எழுதுகின்றனர். ஆனால் அந்த 48 அங்குலமே துணியின் உண்மை அகலமன்று, வழக்கில் சொல்லப்படும் பெயரளவு மட்டுமே என்றால், எழுதிய எண் தொடக்கத்திலேயே தவறாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

பாலராமபுரத்தில் மூன்று நெசவாளர்களிடம் முண்டு வாங்கி விற்கும் ஒரு சிறு தொழில்முனைவோரை எண்ணிக்கொள்வோம். அவருடைய விலைச்சீட்டில் ‘நீளம் 280 செ.மீ., அகலம் 122 செ.மீ.’ என்று அச்சிடப்பட்டுள்ளது. இவ்வெண்களுக்கு ஏற்கத்தக்க வேறுபாட்டை எழுத விரும்புகிறார். மனத்தில் தோன்றிய ஓர் எண்ணை எழுதாமல், அவர் இருபது முண்டுகளை எடுத்து அளக்க வேண்டும். மூவரின் தறியிலிருந்தும், வெவ்வேறு பாவுகளிலிருந்தும் அவை எடுக்கப்படுதல் நன்று. ஒரே பாவிலிருந்து இருபதையும் எடுத்தால் உண்மையான வேறுபாடு வெளிப்படாது.

அறுத்த துணியை மடிப்பின்றி ஒரு நாள் தளர்வாக விட வேண்டும். பிறகு சமதளமான மேசைமேல் இழுக்காமல் பரப்பி, சுருக்கங்களைக் கையால் மெல்ல நீவி அளக்க வேண்டும். நீளத்தைக் கரையோரத்தில் அன்றி நடுவில் அளத்தல் நலம். சரிகைக் கரை பருத்தியைப் போல் சுருங்காமையால் ஓரம் வேறு அளவு காட்டக்கூடும். அகலத்தை இரு முனைகளுக்கு அருகிலும் நடுவிலும் என மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நாள்பட்ட துணி அளவுநாடா நீண்டிருக்கும். ஆதலால் எஃகு நாடாவையோ மீட்டர் கோலையோ பயன்படுத்துக.

அவருக்குக் கிடைத்த அளவுகள் இவை என்று கொள்வோம். நீளத்தில் மிகக் குறைந்தது 276 செ.மீ., மிகக் கூடியது 282 செ.மீ., சராசரி 279 செ.மீ. அகலத்தில் மிகக் குறைந்தது 119.5 செ.மீ., மிகக் கூடியது 121.5 செ.மீ., சராசரி 120.5 செ.மீ.

இப்போது ஓர் உண்மை வெளிப்படுகிறது. இருபது முண்டுகளுள் ஒன்றுகூட 122 செ.மீ. அகலத்தை எட்டவில்லை. ‘122 செ.மீ., 2 செ.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம்’ என்று அவர் எழுதினால், பெரும்பாலான துணிகள் அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆயினும் அக்குறிப்பு நேர்மையானதன்று. ‘கூடவோ குறையவோ’ என்னும் சொற்கள், வாங்குபவருக்குச் சில வேளை கூடுதலும் கிடைக்கும் என்று பொருள்படுகின்றன. உண்மையிலோ அவருக்கு எப்போதும் குறைவே கிடைக்கும். வேறுபாடு என்பது வேறு. ஒரே பக்கம் சாய்ந்த குறைவு என்பது வேறு. முன்னது கைத்தொழிலின் இயல்பு. பின்னது தவறாக எழுதப்பட்ட அளவு. அதனை வேறுபாட்டுக் குறிப்பால் மறைக்கக் கூடாது. அளவையே திருத்த வேண்டும்.

ஆகவே முதலில் விலைச்சீட்டை 279 செ.மீ. என்றும் 120.5 செ.மீ. என்றும் மாற்ற வேண்டும். பிறகே எல்லையை வகுக்க வேண்டும். இருபது துணிகளில் கண்ட எல்லையை இருபத்தொன்றாவது துணி சற்றே மீறக்கூடும் என்பதால், இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் இடம் விடுவோம். நீளத்திற்கு 275 முதல் 283 வரை, அதாவது 4 செ.மீ. கூட அல்லது குறைய. அகலத்திற்கு 118.5 முதல் 122.5 வரை, அதாவது 2 செ.மீ. கூட அல்லது குறைய.

இந்த எல்லையைச் சதவீதத்தில் எழுதுவதைவிடச் சென்டிமீட்டரில் எழுதுவதே நன்று. ‘3 சதவீதம்’ என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். 279 செ.மீ. நீளத்தில் அது 8 செ.மீ.க்கும் மேல், நமக்குத் தேவையான எல்லையைப் போல் இரு மடங்கு. வாங்குபவர் சதவீதத்தை மனக்கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டார். அளவுநாடாவை வைத்துத்தான் பார்ப்பார்.

எல்லை ஏன் அகலமாக இருத்தல் ஆகாது?

சிலர், “எதற்கும் இருக்கட்டும், எல்லையைப் பெரிதாகவே எழுதிவிடுவோம்” என எண்ணுவர். அது யாருக்கு நன்மை தரும் என்று பார்க்க வேண்டும். 279 செ.மீ.க்குப் பதிலாக ஒவ்வொரு முண்டையும் 273 செ.மீ.இல் அறுத்தால், ஒன்றுக்கு 6 செ.மீ. மிஞ்சுகிறது. 46 முண்டுகளில் 276 செ.மீ. மிஞ்சும், அது இன்னொரு முழு முண்டு. அகன்ற எல்லை எழுதப்பட்ட இடத்தில் இச்செயலைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நேர்மையாக நெய்பவரின் துணியும் குறைத்து அறுப்பவரின் துணியும் ஒரே குறிப்பின் கீழ் ஒரே விலைக்கு விற்கப்படும். நட்டம் வாங்குபவருக்கு மட்டுமன்று, நேர்மையான நெசவாளருக்கும்தான்.

இங்கு இன்னொரு கடமையும் உண்டு. வாங்குபவரிடம் எந்த எல்லையைச் சொல்கிறோமோ, அதே எல்லையையே நெசவாளரிடம் துணியைப் பெறும்போதும் கடைப்பிடிக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் ‘4 செ.மீ. வேறுபாடு இயல்பு’ என்று எழுதிவிட்டு, நெசவாளரிடம் 2 செ.மீ. குறைவுக்குக் கூலியைப் பிடித்தம் செய்வது, ஒரே துணிக்கு இரண்டு அளவுகோல் வைப்பதாகும். குறிப்பின் ஒரு படியை நெசவாளரிடமும் கொடுத்துவிட்டால் அவர் தம் குறிக்கோலைத் திருத்திக்கொள்ள இயலும். ஓரிரு மாதங்களில் வேறுபாடும் குறையும்.

துவைத்த பின் சுருங்குதல் தனிச் செய்தி

அளவு பற்றிய பூசல்களில் பெரும் குழப்பம் விளைப்பது முதல் துவைப்பு. தறியில் இழுபட்ட நூல் நீரில் நனைந்ததும் கஞ்சி நீங்கித் தளர்ந்து, தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது. அப்போது ஏற்படும் சுருக்கம், நெசவில் வரும் வேறுபாட்டைவிடப் பெரியதாக இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதினால் எதுவும் விளங்காது.

சுருக்கத்தை அறிவதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு முண்டின் நடுவில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் சரியாக 50 செ.மீ. இடைவெளியில் வண்ண நூலால் தையல் குறியிடுக. வாங்குபவர் துவைக்கும் முறையிலேயே துவைத்து, நிழலில் உலர்த்தி, மெல்ல நீவி மீண்டும் அளக்க. நீளவாக்கில் 50 செ.மீ. இப்போது 48.2 செ.மீ. ஆகவும், அகலவாக்கில் 49 செ.மீ. ஆகவும் உளதெனில், சுருக்கம் முறையே 3.6 சதவீதமும் 2 சதவீதமும் ஆகும். அதாவது 279 செ.மீ. முண்டு துவைத்த பின் ஏறத்தாழ 269 செ.மீ. ஆகும். இதனை மறைக்காமல் எழுதிவிட வேண்டும். நூலும் நெருக்கமும் மாறினால் சுருக்கமும் மாறும். எனவே புதுவகைத் துணி வரும்போதெல்லாம் இச்சோதனையை மீண்டும் செய்தல் வேண்டும்.

பயனை நோக்கி எல்லையை வகுத்தல்

முண்டு சற்று நீண்டிருந்தால் உடுத்துபவருக்குத் தீங்கில்லை, குறைந்தால்தான் இடர். ஆதலால் முண்டுக்குக் கீழெல்லையே முதன்மையானது. ‘275 செ.மீ.க்குக் குறையாது’ என்னும் உறுதிமொழி, ‘4 செ.மீ. கூடவோ குறையவோ’ என்பதைவிட வாங்குபவருக்கு எளிதில் விளங்கும். இரண்டையும் எழுதுவது இன்னும் நன்று.

எல்லாப் பொருளுக்கும் இவ்விதி பொருந்தாது. 40 செ.மீ. மெத்தணைக்கான உறையை எடுத்துக்கொண்டால், சிறிது குறைந்த உறை இறுக்கமாகப் பொருந்தும். மிகவும் குறைந்தால் மெத்தணை உள்ளே நுழையாது. கூடினாலோ தொளதொளவென்று தொங்கும். அங்குக் கீழும் மேலும் இரண்டு எல்லைகளும் தேவை. எந்த அளவு மெத்தணைக்கு உரியது என்பதையும் எழுத வேண்டும்.

ஆறு மேசை விரிப்புகள் கொண்ட தொகுதியில் சிக்கல் வேறு. 45 செ.மீ. விரிப்புக்கு ‘1 செ.மீ. கூடவோ குறையவோ’ என்பது தாராளமானதாகத் தோன்றாது. ஆயினும் ஒன்று 44 ஆகவும் அடுத்தது 46 ஆகவும் இருந்தால், அருகருகே வைத்ததும் 2 செ.மீ. வேறுபாடு கண்ணில் படும். ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தும் தொகுதி பொருந்தவில்லை. எனவே தொகுதியாகவோ இணையாகவோ விற்கும் பொருளுக்கு, ‘ஒரே தொகுதியில் உள்ளவற்றுக்கிடையே 0.5 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இராது’ என்று தனியே எழுத வேண்டும். இதனை நிறைவேற்றுவது கடினமன்று. நெய்து முடிந்தவற்றை அளந்து, ஒத்த அளவுள்ளவற்றை ஒன்றாகக் கட்டினால் போதும்.

முழுக் குறிப்பின் மாதிரி

மேற்கண்ட கணக்கின்படி அந்தத் தொழில்முனைவோர் எழுதத்தக்க குறிப்பு பின்வருமாறு அமையும்:

“முண்டின் நீளம் 279 செ.மீ., அகலம் 120.5 செ.மீ. இது குழித்தறியில் கையால் நெய்யப்பட்டது. ஆதலால் நீளத்தில் 4 செ.மீ.உம் அகலத்தில் 2 செ.மீ.உம் கூடவோ குறையவோ இருக்கலாம். எந்த முண்டும் 275 செ.மீ. நீளத்திற்கும் 118.5 செ.மீ. அகலத்திற்கும் குறையாது. இவ்வளவுகள் துவைக்காத துணியைச் சமதளத்தில் இழுக்காமல் பரப்பி, நீளத்தை நடுவிலும், அகலத்தை மூன்று இடங்களிலும் அளந்து சராசரி கண்டவை. முதல் துவைப்பில் நீளம் ஏறத்தாழ 10 செ.மீ.உம், அகலம் ஏறத்தாழ 2.5 செ.மீ.உம் சுருங்கும். துவைக்காத துணி மேற்கண்ட எல்லைக்கு வெளியே இருந்தால், பெற்ற 7 நாள்களுக்குள் தெரிவிக்கவும். எங்கள் செலவில் திரும்பப் பெற்று, மாற்றுத் துணியோ முழுப் பணமோ தருவோம்.”

இக்குறிப்பில் ஒவ்வொரு வாக்கியத்திற்கும் ஒரு வேலை உண்டு. முதல் வாக்கியம் உண்மையான சராசரி அளவு. அடுத்தவை காரணமும் எல்லையும். அதனை அடுத்து வருவது உறுதிமொழி. பின்னர் அளக்கும் முறை, துவைப்புச் சுருக்கம், தீர்வு. ‘எங்கள் செலவில்’ என்னும் சொற்களை விட்டுவிடக் கூடாது. குறை விற்பனையாளருடையதாக இருக்கும்போது அஞ்சற்செலவை வாங்குபவர் தலையில் சுமத்தினால், தீர்வு பெயரளவில் மட்டுமே இருக்கும். நேரியதுக்கும் இவ்வாறே தனியே அளந்து தனி வரி எழுதுதல் வேண்டும்.

குறிப்பு எங்கே இருக்க வேண்டும்?

பொதிக்குள் வைக்கும் அட்டையில் மட்டும் இக்குறிப்பை அச்சிடுவதால் பயனில்லை. பணம் செலுத்திய பிறகு படித்ததை வாங்குபவர் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள இயலாது. விற்பனைப் பக்கத்தில் அளவு எழுதப்பட்ட இடத்திலேயே, அதே எழுத்தளவில் குறிப்பும் இருக்க வேண்டும். விலைச்சீட்டிலும் அதே எண்களே இருக்க வேண்டும். மலையாளம், தமிழ், ஆங்கிலம் என மும்மொழியிலும் எழுதுபவர்கள் எண்கள் ஒன்றாக உள்ளனவா என ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

அட்டைவழியாகப் பணம் செலுத்திய ஒருவர், ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்று தம் வங்கியிடம் முறையிட்டால், விற்பனையாளரிடம் ஆவணங்கள் கேட்கப்படும். விற்ற நாளில் பக்கத்தில் இருந்த விவரத்தின் படி, விற்பனைச் சீட்டு, அனுப்புமுன் அளந்த குறிப்பேடு ஆகியவை அப்போது பேசும். ஒவ்வொரு முண்டையும் அனுப்புமுன் அளந்து, அந்த நீள அகலங்களை விற்பனைச் சீட்டிலேயே எழுதிவிடுவது இரண்டு நிமிட வேலை. அவ்வாறு எழுதியவருக்குப் பூசல் பெரும்பாலும் எழாது. எழுந்தாலும் விரைவில் தீரும்.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். துணி வந்ததும் துவைப்பதற்கும் வெட்டுவதற்கும் முன்பாக, குறிப்பில் சொல்லிய முறைப்படியே அளந்து பாருங்கள். தொங்கவிட்டோ இழுத்துப் பிடித்தோ அளந்தால் அளவு மாறும். எல்லைக்கு வெளியே இருப்பின், அளவுநாடாவின் எண்கள் தெரியும்படி ஒளிப்படம் எடுத்து உடனே தெரிவியுங்கள். எல்லைக்குள் இருப்பின், அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீங்கள் விலை கொடுக்கும் முன்பே அறிந்து ஏற்றுக்கொண்ட வேறுபாடு. அதற்காகத் துணியைத் திருப்பி அனுப்புவது முறையாகாது.